கிளினிக் கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டது குறித்து உரிமையாளருக்கு அறிக்கை

பெறுநர்: கிளினிக் உரிமையாளர் டாக்டர் அம்மா அவர்கள், சாட்ஸ்வர்த், டர்பன்
தேதி: 25 ஏப்ரல் 2025, வெள்ளிக்கிழமை

வணக்கம் அம்மா.

"என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் பக்கம் தப்பு, இனி நான் என்ன செய்யணும்? அப்பாவுக்கும் படித்துக் காட்டணும், தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்" என்று நேற்று போனில் கேட்டீர்கள். கேட்ட வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

இப்போதைய நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையம் வழியாக நுழைந்த வெளியாட்கள் 19ஆம் தேதி அதிகாலை நம் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறார்கள். ஏப்ரல் 11 மாலை 5 மணி வரையிலான நோயாளிப் பதிவுகள் முழுவதும் திரும்பக் கிடைத்துவிட்டன. 12ஆம் தேதி சனிக்கிழமை அரை நாளும், 14 முதல் 17 வரை நான்கு நாட்களும் போய்விட்டன; மொத்தம் 131 வருகைகள். இதையெல்லாம் விடப் பெரியது இன்னொன்று. நோயாளிகளின் விவரங்களில் ஒரு நகல் வெளியே போயிருக்கிறது என்றே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எப்படி உள்ளே வந்தார்கள்

2020 மார்ச் 27 அன்று லாக்டவுன் தொடங்கியபோது, கணக்கு எழுதும் தம்பி வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு வழி கேட்டீர்கள். ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்து, வரவேற்பறை மேசைக்குக் கீழே இருக்கும் சர்வருக்கு ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நேரே வரும்படி செய்து கொடுத்தேன். திறந்தவன் நான்தான். லாக்டவுன் முடிந்து அவர் கிளினிக்குக்கே திரும்பி வந்த பிறகும் நான் அதை மூடவில்லை. இணையத்தில் இந்தப் போர்ட் திறந்து கிடக்கும் இடங்களைத் தேடுவதற்கென்றே இரவு பகலாக ஓடும் நிரல்கள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஐந்து வருடம் விட்டுவிட்டேன். இந்தத் தப்பு என் பக்கம்தான். வரவேற்பறை அக்காவோ நர்ஸ் அக்காவோ எந்த மெயிலையும் திறந்து இதை வரவழைக்கவில்லை. இரண்டு பேரும் அந்தப் பயத்தோடு இருக்கிறார்கள், அவர்களிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

இன்னும் மூன்று காரணங்கள் சேர்ந்துகொண்டன. சர்வரில் இருந்தது Windows Server 2012 R2. அதற்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தம் தருவது 2023 அக்டோபர் 10 அன்றே நின்றுவிட்டது. frontdesk என்ற கணக்கின் பாஸ்வேர்ட், கிளினிக் பெயரும் ஒரு எண்ணும் சேர்ந்தது. அந்தக் கணக்குக்கு அட்மின் அதிகாரம் இருந்தது, ஏனென்றால் பழைய பில்லிங் மென்பொருள் அது இல்லாமல் ஓடாது. புது சர்வருக்கான விலைப்பட்டியலைப் போன ஆண்டு கொடுத்தேன், நீங்கள் தள்ளிப் போட்டீர்கள். குறை சொல்ல இதை எழுதவில்லை. நடந்ததில் இதுவும் ஒரு பங்கு என்பதால், அறிக்கையில் இல்லாமல் விட முடியாது.

நேர வரிசை

வந்தவர்கள் போகும்போது பாதுகாப்புப் பதிவேட்டை அழித்துவிட்டார்கள். ஆனால் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு விண்டோஸ் தனியாக வைத்திருக்கும் பதிவேடுகளை மறந்துவிட்டார்கள். கீழே வரும் நேரங்களில் பெரும்பாலானவை அங்கிருந்தும், கோப்புகள் மாறிய நேரங்களிலிருந்தும் எடுத்தவை.

ஏப்ரல் 14, திங்கள். புத்தாண்டு என்று மதியத்தோடு கிளினிக்கை மூடினீர்கள். அன்று இரவு முதல் தவறான பாஸ்வேர்ட் முயற்சிகள் வரத் தொடங்கின. நான்கு நாளில் 6,412.

ஏப்ரல் 17, வியாழன், இரவு 11:48. frontdesk கணக்கில் வெளியிலிருந்து ஒருவர் சரியான பாஸ்வேர்டுடன் நுழைந்தார். 11 நிமிடம் இருந்துவிட்டுப் போனார். எதையும் தொடவில்லை, பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி. நம் ஆட்கள் பாதிப் பேர் மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலில் இருந்த நாள். இரவு 10:06க்கு மறுபடி நுழைந்தார்கள், 10:19க்கு ஆன்டிவைரஸ் நீக்கப்பட்டது. அன்று இரவு மட்டும் ஃபைபர் இணைப்பில் 3.1 ஜிபி வெளியே போயிருக்கிறது. கிளினிக் திறந்திருக்கும் நாளிலேயே 200 எம்பி தாண்டாது. கிளினிக் மூடியிருந்த இரவில் அத்தனை டேட்டா வெளியே போக வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 19, சனி, அதிகாலை 1:52. இந்தக் கட்டளை ஓடியது:

```
vssadmin delete shadows /all /quiet
```

விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய பிரதிகளை இது ஒட்டுமொத்தமாக அழித்துவிடும். பூட்டிய பிறகு நாம் எளிதாகத் திரும்பிப் போகக் கூடாது என்பதற்காகச் செய்வது. 2:04க்கு முதல் கோப்பு பூட்டப்பட்டது, 3:37க்குக் கடைசிக் கோப்பு. சர்வர், அணைக்காமல் விட்டிருந்த இரண்டு கம்ப்யூட்டர்கள், சர்வரில் செருகியிருந்த பேக்கப் டிஸ்க் என எல்லாமே போயின. 3:41க்குப் பாதுகாப்புப் பதிவேடு அழிக்கப்பட்டதற்கான 1102 என்ற குறிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அதன் பிறகு அந்தச் சனி, ஈஸ்டர் ஞாயிறு, குடும்ப நாள் திங்கள் என மூன்று நாள் யாரும் பார்க்காமல் கிடந்தது. விடுமுறையைப் பார்த்துத்தான் நேரம் குறிக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை

22ஆம் தேதி காலை 7:10க்கு வரவேற்பறை அக்கா கதவைத் திறந்தபோது முதலில் பார்த்தது பிரிண்டரை. தட்டு நிரம்பித் தரையிலும் தாள்கள் கிடந்தன. 31 தாள், எல்லாவற்றிலும் ஒரே ஆங்கிலக் கடிதம்: உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டன, நகல் எங்களிடம் இருக்கிறது, 72 மணி நேரத்துக்குள் 18,000 டாலர் பிட்காயினாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் வெளியிடுவோம். அக்கா ஒரு தாளை போட்டோ எடுத்து 7:14க்கு எனக்கு அனுப்பினார். "எதையும் அணைக்க வேண்டாம், நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவிவிடுங்கள்" என்றேன். மேசைக்குக் கீழே குனிந்து சுவிட்ச் பெட்டியிலிருந்த ஏழு நீல கேபிள்களையும் ஒவ்வொன்றாக உருவி, எது எங்கே இருந்தது என்று பிளாஸ்டர் ஒட்டி பேனாவால் எழுதி வைத்திருந்தார். நான் வந்து சேர்ந்தபோது அந்தப் பிளாஸ்டர் துண்டுகளைப் பார்த்துத்தான் வேலையை ஆரம்பித்தேன்.

வாசலில் அப்போதே 14 பேர் உட்கார்ந்திருந்தார்கள், பெரும்பாலும் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாந்திர மருந்து வாங்க வந்த பெரியவர்கள். போன ஆண்டு ஜூனில் தேசிய ஆய்வகச் சேவை இதே மாதிரி தாக்கப்பட்டு, ரிசல்ட்டுக்காக நாடு முழுக்க டாக்டர்கள் போனில் அலைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதை நினைவில் வைத்து நீங்கள் உடனே காகிதத்துக்கு மாறியதால் அன்று யாரும் மருந்தில்லாமல் திரும்பவில்லை.

திரும்ப வந்த வழி

நம்மைக் காப்பாற்றியது நர்ஸ் அக்காவின் ஸ்டீல் பீரோ. இரண்டு டிஸ்க்குகளை வெள்ளிதோறும் மாற்றி மாற்றிச் செருகச் சொல்லியிருந்தேன். 11ஆம் தேதி மாலை 5 மணி பேக்கப் முடிந்ததும் அவர் ஒன்றைக் கழற்றி, துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். செருகியிருந்தது பூட்டப்பட்டது, பீரோவில் இருந்தது பிழைத்தது.

23ஆம் தேதி சர்வரின் பழைய டிஸ்க்கைக் கழற்றி உறையிலிட்டு வைத்தேன். சாட்சியம் என்பதால் அதை யாரும் அழிக்கக் கூடாது. புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவி, பீரோ டிஸ்க்கை இணையம் இல்லாத தனிக் கம்ப்யூட்டரில் சோதித்த பிறகே ஏற்றினேன். நேற்று மாலை 4:40க்குப் பதிவுகள் திறந்தன. உங்கள் லேப்டாப் வீட்டில் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. 3389 போர்ட்டை செவ்வாய்க்கிழமையே மூடிவிட்டேன், எல்லாப் பாஸ்வேர்டுகளும் மாறிவிட்டன. ஆனால் இன்னும் 2012 R2தான் ஓடுகிறது, அதை அடுத்த மாதத்துக்குள் மாற்றியே ஆக வேண்டும்.

பணம் கொடுப்பதா?

கேட்டீர்கள். என் கருத்து, வேண்டாம். சாவி தேவைப்படுவது ஐந்து நாள் பதிவுக்கு மட்டும்தான். நகலை அழித்துவிட்டோம் என்று அவர்கள் சொன்னால் அதைச் சரிபார்க்க நமக்கு வழியே கிடையாது. ஒருமுறை கொடுத்தவர்களிடம் மறுபடி வருவதும் உண்டு. கடிதத்தையும் பூட்டிய கோப்பு ஒன்றையும் ஐரோப்பியக் காவல்துறையின் பங்கேற்போடு நடக்கும் No More Ransom தளத்தில் சோதித்தேன், இந்த வகைக்கு இலவசச் சாவி அங்கே இல்லை. பூட்டிய கோப்புகளை வைத்திருப்போம், பின்னாளில் வந்தால் திறக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியாவின் 22ஆம் பிரிவுப்படி, தகவல் வெளியே போனதாக நம்ப நியாயமான காரணம் இருந்தாலே போதும், தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் நோயாளிகளுக்கும் கூடிய சீக்கிரம் தெரிவித்தாக வேண்டும். நிச்சயமாகத் தெரியட்டும் என்று காத்திருக்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நோய் விவரங்கள் அதில் தனிக் கவனம் பெற்றவை, அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம். ஆணையத்தின் இணைய முகப்பில் படிவத்தை நிரப்பி வைத்துவிட்டேன். பொறுப்பாளர் என்ற முறையில் நீங்கள்தான் அனுப்ப வேண்டும், இன்றே அனுப்புங்கள்.

நோயாளிகளுக்குச் செய்தி ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் போகட்டும், வயதானவர்களுக்கு அக்கா போன் செய்து தமிழில் சொல்லட்டும். என்ன நடந்தது, பெயர், ஐடி எண், நோய் விவரம் போயிருக்கலாம், நாம் என்ன செய்தோம், அவர்கள் என்ன செய்யலாம், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம் என்பதையும், தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் தங்கள் ஐடி எண்ணை இலவசமாகப் பதிந்து வைக்கலாம் என்பதையும் விடாமல் சொல்லுங்கள். எச்ஐவி சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மட்டும் பொதுச் செய்தி போதாது. அவர்களை நீங்களே கூப்பிட்டுப் பேச வேண்டும் அம்மா. இதை என்னால் செய்ய முடியாது, வேறு யாரும் செய்யவும் கூடாது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாகிவிட்டது. போன 131 வருகைகளை அப்பாயின்ட்மென்ட் நோட்டு, மருந்து லேபிள் கட்டைகள், ஆய்வக ரிசல்ட்டுகள் மூன்றையும் வைத்து அக்காக்கள் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார்கள், இதுவரை 58 முடிந்திருக்கிறது. பின்னால் எழுதியது என்று ஒவ்வொன்றிலும் தேதியோடு குறிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு அவசரம். மெடிக்கல் எய்ட் கிளெய்ம்களை, சிகிச்சை நடந்த மாதத்துக்குப் பின் நான்காவது மாதக் கடைசி நாளுக்குள் அனுப்ப வேண்டும். டிசம்பர் மாத கிளெய்ம்கள் ஏழு இன்னும் போகவில்லை, அவற்றுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. சுதந்திர தினம் இந்த ஞாயிறு வருவதால் திங்களும் விடுமுறை. நாளைய அரை நாளை விட்டால் செவ்வாயும் புதனும் மட்டுமே கையில் இருக்கின்றன. அந்த ஏழும் திரும்பி வந்த பதிவுகளில் இருக்கின்றன, நாளைக் காலையிலேயே அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

மறுபடியும் நீண்ட விடுமுறை வருகிறது என்பதால், நாளை மதியம் மூடும்போது நானே வந்து எல்லாக் கம்ப்யூட்டர்களையும் அணைத்து, ரவுட்டரின் மின் இணைப்பையும் எடுத்துவிடுகிறேன். இன்றைய பேக்கப் டிஸ்க் 5:20க்குப் பீரோவுக்குள் போய்விட்டது. சாவி நர்ஸ் அக்காவிடம் இருக்கிறது.