கடை முகப்பு மாற்றம்: வேலைத் திட்டமும் கட்டணமும்

கும்பகோணம்
9.6.2025

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வியாபாரத்துக்கு நடுவிலும் கடையைச் சுற்றிக் காட்டியதற்கு நன்றி. முகப்பை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். மூன்று கட்டமாகப் பிரித்திருக்கிறேன்; ஒன்று முடிந்து, திருப்தி இருந்தால் அடுத்தது.

ஃப்ளெக்ஸ் போர்டுக்குப் பின்னால் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய பழைய கடைப்பெயர் இருக்கிறது. ஓரமாகக் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், எழுத்து உதிரவில்லை. அதை மீட்டெடுத்தால் புது போர்டே தேவைப்படாது. மேற்கு வெயிலுக்குக் கட்டிய தார்ப்பாய், சாயங்காலக் கூட்டம் வரும் நேரத்தில் கடையையே மறைத்துவிடுகிறது. உள்ளே எரிவது 6500 கெல்வின் வெள்ளை விளக்கு. அதில் நாச்சியார்கோவில் குத்துவிளக்குகூட வெளிறிப்போய்த் தெரிகிறது. இளமஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் விளக்கு ஒன்று கொண்டுவருகிறேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு நீங்களே பாருங்கள்.

முதல் கட்டம்: அளவெடுத்து, வரைபடமும் செலவுப் பட்டியலும் தருவேன். பத்து நாள் ஆகும். கட்டணம் ரூ. 9,000. இதோடு நிறுத்திக்கொண்டாலும் வரைபடங்கள் உங்களுக்கே.

இரண்டாம் கட்டம்: ஃப்ளெக்ஸை இறக்கி எழுத்தைப் பழுதுபார்ப்பது, தார்ப்பாய்க்குப் பதில் மடக்கும் பந்தல், விளக்குகள். வேலைச் செலவு சுமார் ரூ. 85,000 வரலாம். மேற்பார்வையோடு என் கட்டணம் ரூ. 12,000. ஆடியில் கல்யாண வியாபாரம் இருக்காது, அப்போது செய்வது வசதி. ஆடியில் தொடங்கத் தயக்கம் என்றால் ஆனி கடைசியிலேயே பூஜை போட்டுவிடலாம். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் முடித்துத் தருகிறேன். கடையை மூட வேண்டியிருக்காது.

மூன்றாம் கட்டம்: படி, கண்ணாடி அலமாரி, மரத்தூண் பழுது. இதைத் தை கழித்துப் பார்க்கலாம். படி இப்போது சாக்கடை மேல் நீண்டிருக்கிறது. மாநகராட்சி இடிக்கச் சொல்லும் முன் நாமே உள்ளே இழுத்துவிடுவது நல்லது. பெரியவர்கள் பிடித்து ஏற ஒரு கைப்பிடியும் வைப்போம். கட்டணம் ரூ. 18,000. வேலைச் செலவை அளவெடுத்த பிறகுதான் சரியாகச் சொல்ல முடியும்.

ஆக மொத்தக் கட்டணம் ரூ. 39,000. ஒவ்வொரு கட்டத்திலும் பாதி தொடக்கத்தில், மீதி முடிந்ததும். நான் ஜி.எஸ்.டி. பதிவு வரம்புக்குள் வரவில்லை, அதனால் வரி சேராது. கொத்தனார், ஆசாரி கூலியையும் பொருளுக்கான பணத்தையும் நீங்களே நேரடியாகக் கொடுத்துவிடுங்கள்; நான் யாரிடமும் கமிஷன் வாங்குவதில்லை. அனுமதி ஏதாவது தேவைப்பட்டால் அதற்கான வரைபடம் இந்தக் கட்டணத்திலேயே அடங்கும். அனுமதிக்குக் கட்ட வேண்டிய கட்டணம் தனி.

தனியாகத் தொழில் தொடங்கி அதிக நாள் ஆகவில்லை என்பதால், வேலை நடக்கும் நாளெல்லாம் நானே நேரில் நிற்பேன். இந்தக் கட்டடத்தின் பழைய வேலைப்பாடு கெடாமல் வியாபாரமும் பெருக வேண்டும் என்பதில் எனக்கு உண்மையான அக்கறை இருக்கிறது.

வியாழக்கிழமை மாலை விளக்கோடு வருகிறேன். உங்கள் மகனும் இருந்தால் மூவருமாகப் பேசிவிடலாம்.

இப்படிக்கு,
கவிதா
கட்டடக் கலைஞர்