புயல் ஏன் இடஞ்சுழியாகச் சுழல்கிறது: தம்பிக்குச் சொல்லும் பாடம்

காலநிலையியல் தாள். பத்து மதிப்பெண் கேள்வி: "வட அரைக்கோளத்தில் புயல்கள் இடஞ்சுழியாகச் சுழல்வதன் காரணத்தை விளக்குக." கேட்பவன் ஒன்பதாம் வகுப்புத் தம்பி. கொரியாலிஸ் என்ற பெயரைக் காரணமாகச் சொல்லக் கூடாது. பெயரைச் சொல்லிவிட்டால் விளக்கிவிட்ட மாதிரி இருக்கும். அதனால் அது கடைசியில்தான் வரும். வாய் திக்குகிற இடத்தில் "நில்" என்று எழுதி, அங்கேயே சரி செய்துகொண்டு மேலே போக வேண்டும்.

தம்பி, 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்ததை அப்பா சொல்லிக் கேட்டிருப்பாய். அந்த மாதிரிப் புயலின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால், மேகமெல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். வங்கக் கடலில் எந்தப் புயலும் அப்படித்தான். ஏன் என்று பார்ப்போம்.

வெதுவெதுப்பான கடலிலிருந்து நீராவி மேலே போகிறது. மேலே குளிர்ந்து மேகமாகும்போது சூட்டை வெளியே விடுகிறது. அங்கே காற்று சூடாகி லேசாகிவிடுவதால் கீழே கடல்மட்டத்தில் அழுத்தம் குறைகிறது. சுற்றியிருக்கும் காற்று அந்த இடத்தை நோக்கி ஓடி வருகிறது.

*நில். "குளிர்ந்தால் சூடு எப்படி வெளியே வரும்?" என்று கேட்பான். ஒரு கிலோ கடல்நீர் ஆவியாக சுமார் 2,500 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைக் கடலிலிருந்து எடுத்துக்கொண்டுதான் ஆவி மேலே போகிறது. திரும்ப நீர்த்துளியாகும்போது அந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றுக்குப் போய்ச் சேர்கிறது. உள்ளுறை வெப்பம் என்பது இதுதான். சரி.*

காற்று நேராக மையத்துக்குள் போய் விழுந்துவிடலாமே? பூமி சுற்றாமல் இருந்தால் அப்படித்தான் போகும். ஆனால் நாம் நிற்கிற தரையே கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. நிலநடுக்கோட்டில் மணிக்கு சுமார் 1,674 கிலோமீட்டர் வேகம். கடலூரில் 1,639. சென்னையில் 1,631. துருவத்தில் பூஜ்யம். கடலூரிலிருந்து வடக்கே கிளம்பும் காற்று கடலூரின் வேகத்தோடு கிளம்புகிறது. சென்னைக்குப் போகும்போது அங்கே தரை மெதுவாக ஓடுகிறது. காற்று தரையை முந்தி கிழக்கே, அதாவது தன் வலப்பக்கம், விலகிவிடும். தெற்கே போகிற காற்று தரையைவிடப் பின்தங்கி மேற்கே விலகும். அதுவும் அதற்கு வலப்பக்கம்தான்.

*நில். பெரும்பாலான குறிப்புகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. கிழக்கிலிருந்து மேற்கே போகும் காற்று வடக்கிலும் போவதில்லை, தெற்கிலும் போவதில்லை. அது ஏன் விலக வேண்டும்? இதற்குப் பதில் இல்லாவிட்டால் புயலின் பாதிக் காற்றை நான் விளக்கவே இல்லை.*

சரி, கிழக்கே போகும் காற்றைப் பார். அது பூமியின் அச்சைத் தரையைவிட வேகமாகச் சுற்றுகிறது. வேகமாகச் சுற்றுவது அச்சைவிட்டு வெளியே போகப் பார்க்கும். கடலூரில் நின்று பார்த்தால் "அச்சைவிட்டு வெளியே" என்பது பெரும்பாலும் மேல்நோக்கி, கொஞ்சம் தெற்கு நோக்கி. கிழக்கே போகிறவனுக்குத் தெற்கு வலப்பக்கம். மேற்கே போகும் காற்று தரையைவிட மெதுவாகச் சுற்றுகிறது. அது அச்சை நோக்கிச் சரியும், அதாவது வடக்கே. அதுவும் வலம்தான். நிலநடுக்கோட்டில் "அச்சைவிட்டு வெளியே" என்பது நேர் மேலே மட்டும். பக்கவாட்டில் ஒன்றும் மிஞ்சாது. நிலநடுக்கோட்டை ஒட்டி இரு பக்கமும் சுமார் 5 பாகைக்குள் புயல் உருவாவது மிக அரிது என்பதற்கும் இதே காரணம்.

*நில். எல்லாக் காற்றும் வலப்பக்கம் விலகுகிறது என்றேன். வலப்பக்கம் திரும்பிக்கொண்டே போனால் கடிகாரத் திசையில்தானே சுற்றும்? புயல் எதிர்த்திசையில் சுற்றுகிறதே! வகுப்பில் இதை யாரும் கேட்கவில்லை. தம்பி கட்டாயம் கேட்பான். தாளில் படம் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.*

தாளின் நடுவில் ஒரு புள்ளி வை. நாலு பக்கத்திலிருந்தும் அதை நோக்கி அம்பு போடு. ஒவ்வோர் அம்பையும் அதன் வலப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளு. தெற்கிலிருந்து வருவது புள்ளிக்குக் கிழக்கே தவறிப் போகும். வடக்கிலிருந்து வருவது மேற்கே, கிழக்கிலிருந்து வருவது வடக்கே, மேற்கிலிருந்து வருவது தெற்கே. இப்போது ஒவ்வோர் அம்பிலும் ஏறி உட்கார்ந்து பார்: புள்ளி எப்போதும் உன் இடப்பக்கம்தான் இருக்கும். தவறிப் போகிற காற்றைத் தாழ்வழுத்தம் விடாமல் உள்ளே இழுக்கிறது. அந்த இழுப்பு இடப்பக்கமாக இருப்பதால் பாதை இடமாக வளைகிறது. வலப்பக்க விலகல் மையத்தைத் தவறவிட வைக்கிறது. சுற்றி வளைப்பது அழுத்தத்தின் வேலை. விடைத்தாளில் இந்த இரண்டையும் தனித்தனி வாக்கியமாக எழுத வேண்டும்.

*நில். அப்படியென்றால் அந்தப் பயங்கர வேகம் எங்கிருந்து வருகிறது? "விலகலால்" என்று எழுதத் தோன்றுகிறது. கணக்குப் போட்டேன். மையத்திலிருந்து 40 கிலோமீட்டரில் 126 கிலோமீட்டர் வேகக் காற்றை வட்டமாக வளைக்கத் தேவையான இழுப்பில் இந்த விலகலின் அளவு முப்பதில் ஒரு பங்குதான். ஆகவே அது இல்லை.*

சுழல் நாற்காலியில் கையை விரித்துச் சுற்றிவிட்டு மடக்கினால் வேகம் கூடுமே, அதே கணக்கு. கடலூர் அட்சரேகையில் மையத்திலிருந்து 400 கிலோமீட்டர் தள்ளிச் சும்மா நிற்கிற காற்றுக்கும் பூமியோடு சுற்றுகிற சுழற்சி இருக்கிறது. அது 100 கிலோமீட்டருக்கு உள்ளே வந்தால், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு சுமார் 80 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். இன்னும் உள்ளே வர இன்னும் கூடும். உள்ளே இழுக்கும் வேலையைச் செய்வது கடல் கொடுத்த வெப்பம்.

இதையெல்லாம் சேர்த்துப் பெயர் வைக்க இப்போது உரிமை உண்டு. தரையில் நின்று பார்க்கிற நமக்குத் தெரியும் அந்தப் பக்கவாட்டு விலகலை, 1835-இல் கணக்காக எழுதிய பிரெஞ்சுக்காரர் பெயரால் கொரியாலிஸ் விசை என்கிறோம்.

தம்பிக்கு மூன்று கேள்வி. பாடத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

புயல் கடலூருக்கு நேர் கிழக்கே கடலில் இருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் எந்தக் காற்று அடிக்கும்? (நாம் அதன் மேற்கே இருக்கிறோம், வடக்கிலிருந்து வாடை.)

புயலின் நடுவில் இருக்கும் கண் நம் தலைக்கு மேலேயே கடந்து போனால் பிறகு? (சற்று நேரம் அமைதி, அப்புறம் தெற்கிலிருந்து. காற்று ஓய்ந்ததென்று வெளியே போகக் கூடாது என்பது இதனால்தான். இதை அவன் நினைவில் வைத்தால் போதும், தேர்வைவிட முக்கியம்.)

புயல் கடலூரில் கரையேறினால் கடல்நீர் எங்கே அதிகம் ஏறும்: புதுச்சேரியிலா, பரங்கிப்பேட்டையிலா? (மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், புதுச்சேரியில்.)

மூன்றாவதைச் சொல்ல முடிந்தால் சுழற்சி புரிந்திருக்கிறது. திக்கினால் அம்புப் படத்திலிருந்து மறுபடி.

கண்ணுக்குள் மட்டும் காற்று ஏன் கீழே இறங்குகிறது, மேகம் ஏன் விலகுகிறது என்பதற்கு "அங்கே அழுத்தம் குறைவு" என்று எழுதிப் பார்த்தேன். அழுத்தம் குறைந்த இடத்தில் காற்று மேலே போகும் என்பதுதானே நீராவிப் பத்தியின் கணக்கு, அதனால் அந்த வரி நிற்காது. அடித்துவிட்டேன். நாளைக் காலை மேடத்திடம் கேட்க வேண்டியது அது ஒன்றுதான்.