பாப்பாவின் ஒரு நாள்: அம்மாவுக்கு

அம்மா, திங்கட்கிழமையிலிருந்து நான் வேலைக்குப் போகிறேன். எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஐந்தே முக்கால் ஆகும். பாப்பாவின் நாளை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

காலை 6.30: எழுவாள். பால் நான் கொடுத்துவிடுவேன்.

8.00: காலைச் சாப்பாடு. ஒரு இட்லி, மசித்த பருப்பு, அரை ஸ்பூன் நெய். இல்லையென்றால் ராகிக் கூழ். உப்பு, சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம். ஒரு வயது வரை பசும்பாலும் குடிக்கக் கொடுக்க வேண்டாம்.

9.30 – 10.45: முதல் தூக்கம். ஒன்பதே காலுக்கே இடது காதைத் தேய்க்க ஆரம்பிப்பாள். அதுதான் அடையாளம். கண்ணைக் கசக்கி அழும்வரை விட்டால் தூங்க வைப்பது பெரும்பாடு. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தொட்டில் மெத்தையில் மல்லாக்கப் படுக்க வை. தூளி மட்டும் வேண்டாம் அம்மா. நான் தூளியில் வளர்ந்தவள்தான், தெரியும். ஆனால் இவள் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகிவிட்டாள், விழுந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

11.00: பால். ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்ததை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கு, அடுப்பில் வேண்டாம். குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே.

12.30: மதியச் சாப்பாடு. குழைந்த சாதம், பருப்பு, ஒரு காய், அரை கப் அளவு. மஞ்சள் கரு கொடுத்தால் நன்றாக வேகவைத்துக் கொடு. சற்றுக் கட்டியாகவே இருக்கட்டும், மிக்ஸியில் அரைக்காதே, மெல்லப் பழக வேண்டும். வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம், செல்போனைக் காட்டி ஊட்டாதே.

2.00 – 3.30: இரண்டாவது தூக்கம். மூன்றரைக்கு மேல் தூங்கினால் எழுப்பிவிடு. மனசு வராதுதான், ஆனால் அதற்கு மேல் தூங்கினால் இரவு ஒன்பதரை வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பாள்.

3.45: பால். 4.45க்கு மசித்த வாழைப்பழம், கொஞ்சம் போதும். அப்புறம் மொட்டைமாடியில் விளையாட்டு.

6.00: நான் வந்துவிடுவேன். இரவுச் சாப்பாடு, 6.45க்கு வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், 7.10க்குப் பால், 7.30க்கு விளக்கை அணைத்துவிடலாம்.

ஒரு விஷயம். கடிகாரத்தைவிட இடைவெளியைப் பார். காலையில் எழுந்து மூன்று மணி நேரத்தில் முதல் தூக்கம், அதன்பின் மூன்றேகாலில் இரண்டாவது, கடைசியாக நான்கு மணி நேரம். முதல் தூக்கம் அரைமணியில் கலைந்தால் சாப்பாட்டைப் பன்னிரண்டுக்கும் இரண்டாவது தூக்கத்தை ஒன்றேகாலுக்கும் முன்னால் தள்ளு. அன்றைக்கு இரவும் ஏழுக்கே படுக்க வைத்துவிடுவோம். தூக்கம் குறைந்த நாளில் தாமதமாகப் படுத்தால் நடு ராத்திரியில் எழுந்துவிடுகிறாள், மூன்று முறை பார்த்துவிட்டேன்.

காய்ச்சலோ பல் வலியோ என்றால் இந்த அட்டவணையை மறந்துவிட்டு எனக்கு ஃபோன் பண்ணு. மீட்டிங்கில் இருந்தாலும் எடுப்பேன்.