விடுமுறையின் கடைசி மாலை

சுங்கை சிப்புட், ஞாயிறு

நாளை காலை ஈப்போ போய் அங்கிருந்து கோலாலம்பூர் பஸ். பை கட்டியாயிற்று. அம்மா கொடுத்த முறுக்கு டின்தான் எதிலும் அடங்கவில்லை.

கேமரன் மலை போனோம், பினாங்கு போனோம். படங்கள் கைப்பேசியில் இருக்கின்றன, அவ்வளவுதான். மனத்தில் தங்கியது பாட்டியோடு பழைய ரப்பர் தோட்டத்து லயத்துப் பக்கம் நடந்ததுதான். பால்மரம் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. ஆனாலும் தான் சீவிய மரங்களின் நிரை தொடங்கிய இடத்தைப் பாட்டி தயங்காமல் காட்டினார். விடியுமுன் பெரட்டு, பெயர் கூப்பிட்டு ஆளை வேலைக்கு அனுப்புவது. வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால் இருட்டிலேயே விளக்கோடு மரம் சீவப் போவார்களாம். மழை பெய்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை.

“மழையைப் பார்த்தால் உனக்குக் கவிதை வரும், எனக்கு மளிகைக்கடைக் கடன்தான் நினைவுக்கு வரும்” என்று சிரித்தார்.

வீட்டில் எப்போதும் தாத்தாவின் உழைப்பைப் பற்றித்தான் பேச்சு. அதே மரங்களைச் சீவிவிட்டு வந்து சமைத்தவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதில் கோபம்தான்.

கங்காணியோடு போட்ட சண்டையின் கதையைப் பாட்டி பாதியில் நிறுத்திவிட்டார். மீதி தீபாவளிக்கு வந்தால்தானாம்.