செகண்ட் சர்வீஸ்

"லவ் ஆல், ப்ளே" என்றார் அம்பயர் சார்.

கயல் பாட்மின்டன் கோர்ட்டின் வலது பக்கக் கட்டத்தில் நின்றாள். காக்கின் இறகைப் பிடித்திருந்த விரல்கள் வியர்த்திருந்தன. எதிரே சிவப்பு பனியன் போட்ட நெட்டைப் பெண் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு முன்கோட்டை ஒட்டியே வந்து நின்றாள். கயல் போட்ட சர்வீஸ் வலையில் போய் முட்டியது. சர்வீஸ் ஓவர்.

"பரவால்லடி" என்றாள் ஷர்மிளா அக்கா. எட்டாம் வகுப்பு. போன வருஷமும் ஆடியவள். கயலோ ஏழாம் வகுப்பு, அதுவும் ஜோடிக்கு ஆள் குறைந்ததால் பி.டி. டீச்சர் கடைசி நேரத்தில் பெயரைச் சேர்த்தது.

அவர்கள் போட்ட சர்வீஸை ஷர்மிளா தூக்கியடிக்க, நெட்டைப் பெண் கோட்டுக்கு வெளியே அடித்தாள். ஒன் ஆல். கயல் ஓடிப்போய் காக்கை எடுத்துக்கொண்டு வலது பக்கம் நின்றாள்.

"ஏட்டி, நான் போடணும்."

"வலது பக்கம் நிக்கிறவங்கதானக்கா முதல்ல போடணும்?"

"லெஃப்ட்" என்றார் அம்பயர் சார், ஸ்கோர் தாளில் இருந்து தலையைத் தூக்காமலே.

ஷர்மிளா இடது பக்கத்திலிருந்து போட்டு பாயின்ட் எடுத்தாள். இடம் மாறினார்கள். அடுத்த சர்வீஸை அவளே வலையில் அடித்தாள். காக் கயலின் காலடியில் விழுந்தது. கயல் எடுத்துத் துடைத்து, சர்வீஸ் போடத் தயாரானாள். எதிர்ப்பக்கத்துப் பெண்கள் காக்குக்காகக் கையை நீட்டியபடி நின்றார்கள்.

"காக்கைக் குடும்மா."

"செகண்ட் சர்வீஸ் என்னுது சார்."

காலரியில் யாரோ சிரித்தார்கள். அம்பயர் சார் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர். அவரும் ஒரு காலத்தில் செகண்ட் சர்வீஸ் போட்டவராக இருக்க வேண்டும், முகத்தில் கோபமே இல்லை.

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"மாமா."

"அதெல்லாம் 2006-லயே போயிட்டு. அப்பம் 15 பாயின்ட், ரெண்டு பேரும் போடலாம். இப்பம் 21, ஒரே சர்வீஸ். குடு."

2006-இல் கயல் பிறக்கவேயில்லை. காக்கை வலைக்கு அடியில் தள்ளிவிட்டாள். மாமாவும் அவர் சேக்காளிகளும் தெருமுனைக் காலி மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, டியூப் லைட் கட்டி ஆடுகிறவர்கள். ஆள் வராத நாளில் அவளைச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தக் கோர்ட்டில் இன்றும் "செகண்ட்!" என்று கத்திவிட்டுத்தான் சர்வீஸ் விழும்.

அப்புறம் கயல் அடிப்பதை விட்டுவிட்டு, யார் எங்கே நிற்க வேண்டும் என்றே யோசித்துக்கொண்டிருந்தாள். மடமடவென்று பாயின்ட் போனது. 6-11-இல் ஒரு நிமிட இடைவேளை. தண்ணீர் குடிக்கும்போது ஷர்மிளா தரையில் விரலால் கோடு போட்டாள்.

"நம்ம பாயின்ட் ஒத்தைப்படையா, இடது பக்கம் நிக்கிறவ போடணும். ரெட்டைப்படையா, வலது பக்கம் நிக்கிறவ. நாம சர்வீஸ் போட்டு ஜெயிச்சாத்தான் இடம் மாறணும். அவங்க சர்வீஸ்ல ஜெயிச்சா நகரவே கூடாது. புரியுதா?"

"செகண்ட்?"

"அடிவாங்குவ."

நகரவே கூடாது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்னும் தன் கால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். எதிர்ப்பக்கமும் களைத்தது. 18-19 வரை இழுத்து வந்துவிட்டார்கள்.

அடுத்த ராலி முடிகிற வழியாக இல்லை. நால்வரும் கோர்ட் முழுக்க ஓடி, கடைசியில் நெட்டைப் பெண் வலையில் அடித்தாள். நைன்டீன் ஆல். ஷர்மிளா காக்கை எடுத்துக்கொண்டு இடது பக்கம் போனாள்.

"அக்கா, அது நான்."

"நான்தாம்டி இடது பக்கம் நின்னேன்."

"இல்லக்கா. அவங்க 19-ல இடது பக்கத்துல இருந்து போட்டாங்க. குறுக்கே நம்ம இடது பக்கத்துக்குத்தான் வரும். அந்த சர்வீஸை எடுத்தது நான்."

எதிர்ப்பக்கமும் அம்பயர் சாரைப் பார்த்தது. அவர் தாளில் விரலை ஓட்டினார், மேலே போனார், திரும்பக் கீழே வந்தார்.

"சின்னவ சொல்றது சரி. நீ போடு."

ஷர்மிளா பேசாமல் காக்கைக் கொடுத்தாள். இந்த முறை சர்வீஸ் வலையை உரசாமல் தாண்டியது. தூக்கி வந்ததை ஷர்மிளா தரையோடு அடித்தாள். 20-19.

இடம் மாறி வலது பக்கம் வந்த கயலுக்கு ஆசை வந்துவிட்டது. நெட்டைப் பெண் முன்னால் வந்து நிற்பதைப் பார்த்து, அவள் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். காக் கடைசிக் கோட்டுக்கு முன்னால்தான் விழுந்தது. டபுள்ஸ் சர்வீஸுக்கு அதற்கு முந்தைய கோடுதான் எல்லை. அவுட். ட்வென்டி ஆல்.

அடுத்த இரண்டு பாயின்ட்டும் அவர்களுக்கே போனது. 20-22. கை குலுக்கும்போது நெட்டைப் பெண், "யார் எங்க நின்னோம்னு எங்களுக்கே மறந்துபோச்சு" என்றாள்.

திரும்பும் வேனில் பி.டி. டீச்சரின் போனை வாங்கி மாமாவுக்குப் பேசினாள்.

"தோத்துட்டோம் மாமா. செகண்ட் சர்வீஸ் எல்லாம் இப்பம் கிடையாதாம். 2006-லயே எடுத்துட்டாவளாம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நம்ம கோர்ட்டுக்கு யாரும் வந்து சொல்லலியே" என்றார் மாமா.