சிங்கப்பூர் நிர்வாகச் சட்டப் பிரச்சினைக் கேள்விக்குப் பதில் எழுதும் வார்ப்புரு (பிரியாணிக் கடை கேள்வியை வைத்து)

நம்ம படிப்புக் குழுவுக்காக எழுதியது. வெறும் வார்ப்புருவை மட்டும் கொடுத்தால் யாருக்கும் பயனில்லை, அதனால் ஒரு கேள்வியை எடுத்து முழுக்க நிரப்பியிருக்கிறேன். தேர்வில் உண்மைகள் மாறும், வரிசை மாறாது.

கேள்வி. உணவங்காடி நிலையத்தில் பிரியாணி விற்கும் ஓர் அக்காவின் உரிமம் மார்ச் 10ஆம் தேதி ரத்தானது. கற்பனைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 'பொதுச் சுகாதாரத்தின் பொருட்டுத் தகுந்ததென நினைத்தால்' உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரத்தை இயக்குநருக்குத் தருகிறது. கடிதத்தில் 'இயக்குநர் சார்பாக' என்று ஒரு துணை அதிகாரி கையெழுத்து. காரணம் ஒரே வரி: ஓராண்டில் 2 புகார் வந்தால் ரத்து என்பதே உள்வழிகாட்டி, விதிவிலக்கு கிடையாது. புகார்களை அக்காவிடம் காட்டவில்லை. ஒன்று எண்ணெய்ப் புகை பற்றியது, மற்றொன்று வரிசை பக்கத்துக் கடையை மறைக்கிறது என்பது. அந்தப் பக்கத்துக் கடை துணை அதிகாரியின் மைத்துனருடையது. ஜனவரியிலேயே வேறோர் அதிகாரி, 'புகைபோக்கியை மாற்றிவிட்டால் நடவடிக்கை இராது' என்று மின்னஞ்சல் அனுப்ப, அக்கா 6,000 வெள்ளி செலவழித்து மாற்றிவிட்டார். 12ஆம் பிரிவின்படி அமைச்சரிடம் முறையிட்டார். ஏப்ரல் 28இல் காரணம் சொல்லாமல் தள்ளுபடி. 13ஆம் பிரிவு: 'அமைச்சரின் முடிவே இறுதியானது.' இன்று ஜூன் 1.

1. முடிவு யாருடையது, எந்தத் தேதியில்

பாதிப் பேர் இதை ஒரு வரியில் முடித்துவிட்டு நேராக இயற்கை நீதிக்கு ஓடுகிறார்கள். இங்கே நின்று எழுதுங்கள், ஏனென்றால் இங்கே இரண்டு முடிவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு. இப்படி எழுதலாம்:

"முதல் முடிவு மார்ச் 10இல் இயக்குநரின் பெயரில் வந்தது, இரண்டாவது ஏப்ரல் 28இல் அமைச்சர் எடுத்தது. நீதிமன்ற விதிகள் 2021, ஆணை 24இன்படி ரத்து ஆணை கேட்பதற்கான அனுமதி மனுவை 3 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முதல் முடிவுக்கு அந்தக் கெடு ஜூன் 10ஐ ஒட்டி முடிகிறது, அதாவது ஏறத்தாழ ஒன்பது நாள்தான் மீதி. அமைச்சரின் முடிவுக்கு ஜூலைக் கடைசி வரை உண்டு."

அமைச்சரின் முடிவை மட்டும் உடைத்தால் இயக்குநரின் ரத்து அப்படியே நிற்கும், கடை திறக்காது. ஆகவே இரண்டையும் சேர்த்து இப்போதே மனுச் செய்யச் சொல்லுங்கள். தாமதமானால் தாமதத்துக்கு நீதிமன்றம் ஏற்கும் விளக்கம் வேண்டும், அதை நம்பி உட்கார வேண்டாம்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. சட்டம் அதிகாரத்தை இயக்குநருக்குத்தான் கொடுத்தது. 'சார்பாக' என்றால் இயக்குநர் முடிவெடுத்து இவர் கையெழுத்து மட்டும் போட்டாரா, இல்லை இவரே முடிவெடுத்தாரா? கேள்வி சொல்லவில்லை, எனவே இரண்டு கிளையாகப் பிரித்து எழுதுங்கள். இவரே முடிவெடுத்திருந்தால், அதிகாரத்தை ஒப்படைக்கும் பிரிவு சட்டத்தில் உண்டா என்று கேளுங்கள். அமைச்சரின் பெயரில் அவருடைய துறை அதிகாரிகளே முடிவெடுக்கலாம் என்பது 1943 கார்ல்டோனா வழக்கின் விதி, சட்டம் பெயர் சொல்லி நியமித்த இயக்குநருக்கு அது தானாக ஒட்டாது என்று வாதிடலாம்.

2. நீதிமன்றத்தின் வாசல்

வேகமாகக் கடந்துவிடுங்கள். லாய் சுவீ லின் லிண்டா வழக்கு (2001) சொன்ன மூன்று: விஷயம் மறுஆய்வுக்கு உட்பட்டதா, மனுதாரருக்குப் போதிய அக்கறை உண்டா, வாதிடத்தக்க வழக்கு முதல்நோக்கிலேனும் தெரிகிறதா. அதிகாரம் சட்டத்திலிருந்து வருகிறது, உரிமம் அக்காவுடையது. முதல் இரண்டும் இரண்டே வரி. வேறு நிவாரண வழிகளை முதலில் தீர்த்தாரா? தீர்த்தார், அமைச்சரிடம் போய் வந்துவிட்டார். போகாததும் மனு தோற்ற காரணங்களில் ஒன்றாக இருந்த போரிசிக் வழக்கோடு (2009) ஒப்பிட்டு ஒரு வரி போடுங்கள்.

'இறுதியானது' என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது மேல்முறையீட்டைத்தான் அடைக்கிறது, மறுஆய்வை அல்ல. ஸ்டான்ஸ்ஃபீல்ட் வழக்கு (1999) கைகொடுக்கும். சுங் சுவான் ட்சே (1988) சொன்ன, எல்லா அதிகாரத்துக்கும் சட்ட எல்லை உண்டு என்ற கருத்தையும் இங்கேயே வையுங்கள், முன்னுரையில் வீணாக்காதீர்கள்.

3. காரணங்கள்: கனமானது முதலில்

சட்டவிரோதம், பகுத்தறிவின்மை, நடைமுறைப் பிழை என்று பாடப்புத்தக வரிசையில் போகத் தேவையில்லை. எந்தக் காரணத்துக்கு உண்மைகள் அதிகமோ அதுவே முதலில்.

இந்தக் கேள்வியில் அது விருப்புரிமையைக் கட்டிப்போட்டது. "கொள்கை வைத்திருப்பது தவறில்லை. ஆனால் லைன்ஸ் இன்டர்நேஷனல் வழக்கின்படி (1997) அது நியாயமற்றதாக இருக்கக் கூடாது, பாதிக்கப்படுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தனிப்பட்ட சூழலைக் கேட்க அதிகாரி தயாராக இருக்க வேண்டும். இங்கே வழிகாட்டி உள்ளுக்குள்ளேயே இருந்தது, 'விதிவிலக்கு கிடையாது' என்று கடிதமே சொல்கிறது."

அடுத்தது பொருந்தாத காரணி. வரிசை நீளம் பொதுச் சுகாதாரமா? அதை நீக்கினால் மிஞ்சுவது ஒரே புகார், வழிகாட்டியின் சொந்தக் கணக்கே தவறிவிடும். இதைச் சட்டவிரோதத்தின் கீழ் எழுதுங்கள். பகுத்தறிவின்மை வேறு, டான் சீட் எங் வழக்கு (2015) அந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பினால் மதிப்பெண் போகும்.

நடைமுறையில் இரண்டு. புகார்களைக் காட்டாமல், பதில் சொல்ல விடாமல், பிழைப்பு நடத்தும் உரிமத்தைப் பறித்தது முதலாவது. மைத்துனர் இரண்டாவது: அவர் உண்மையிலேயே ஒருசார்பாக நடந்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, நியாயமாகப் பார்க்கும் ஒருவருக்கு நியாயமான சந்தேகம் எழுந்தாலே போதும் (சங்கர் ஆலன் வழக்கு, பின்னர் பி.ஓ.ஐ. எதிர் பி.ஓ.ஜே., 2018). எதிர்த்தரப்பு, அமைச்சரிடம் முறையிட்டதிலேயே குறை தீர்ந்துவிட்டது என்று கால்வின் எதிர் கார் வழக்கைக் காட்டும். பதில்: அமைச்சரும் புகார்களைக் காட்டியதாகத் தெரியவில்லை, அப்படியானால் என்ன தீர்ந்தது? காரணம் சொல்லாததைத் தனிக் குறையாகப் பெரிதாக்காதீர்கள், பொதுவான கடமை இங்கே இல்லை.

மின்னஞ்சல் கவர்ச்சியாக இருக்கும், மயங்காதீர்கள். நடைமுறையை மட்டுமல்லாமல் வாக்களித்த பலனையே தரும் நியாயமான எதிர்பார்ப்பை உயர் நீதிமன்றம் சியூ தெங் வழக்கில் (2013) ஏற்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்டார்க்ஸ்ட்ரோம் வழக்கில் (2016) முடிவு சொல்லாமல் திறந்தே விட்டுவிட்டது. இரண்டையும் சொல்லி, வாக்குறுதி தெளிவானது, அதை நம்பி 6,000 வெள்ளி செலவானது, ஆனால் கொடுத்தவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்பது ஐயம் என்று எழுதி, துணை வாதமாக வைத்துவிட்டு நகருங்கள். விகிதாசாரக் கோட்பாட்டைத் தனிக் காரணமாக இங்கிலாந்து பாணியில் இறக்க வேண்டாம், சீ சியோக் சின் வழக்கு அதற்கு எதிராக நிற்கிறது.

4. நிவாரணம்

'ரத்து ஆணை, கட்டாய ஆணை, தடை ஆணை, அறிவிப்பு எல்லாம் கேட்கலாம்' என்று எழுதுபவர் கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லவில்லை, பட்டியல் ஒப்பிக்கிறார். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்:

"இரண்டு முடிவுகளுக்கும் ரத்து ஆணை கோர வேண்டும். மார்ச் 10 முடிவு போனால் பழைய உரிமம் தன் காலம் வரை நிற்கும், ஆகவே உரிமம் கொடு என்ற கட்டாய ஆணை தேவையில்லை. எனினும் நிவாரணம் நீதிமன்றத்தின் விருப்புரிமை. நடைமுறைப் பிழைக்காக மட்டும் வென்றால் இயக்குநர் முறைப்படி கேட்டு அதே முடிவை மறுபடி எடுக்கலாம். பொருந்தாத காரணியில் வென்றால் வரிசைப் புகாரை வைத்து எடுக்க முடியாது. அக்காவுக்கு இந்த வெற்றிதான் அதிகப் பயன்."

எந்தக் காரணத்தில் வென்றால் என்ன கிடைக்கும் என்று இப்படி முடிச்சுப் போடுவதைத்தான் நல்ல விடைத்தாளில் பார்க்கலாம். அரசுக்கு எதிராக 'இன்ஜங்ஷன்' எனப்படும் தடையுத்தரவு கேட்காதீர்கள், அரசு வழக்குகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு அடைத்துவிடுகிறது. மூடிய நாட்களின் வருமான இழப்புக்கும், புகைபோக்கிக்குப் போன 6,000 வெள்ளிக்கும், முடிவு சட்டவிரோதம் என்பது மட்டுமே இழப்பீடு வாங்கித் தராது. தனியாக ஒரு சிவில் வழக்குக் காரணம் இருக்க வேண்டும், இந்த உண்மைகளில் அப்படி எதுவும் தெரியவில்லை என்று நேராகவே எழுதிவிடுங்கள்.