பொருள்: சங்கரன்கோவில் கைலியும் ஈரிழைத் துண்டும் – உங்கள் பினாங்கு கடைக்கு மாதிரி அனுப்பலாமா?

பெறுநர்: ஷாகுல் அமீது அவர்கள், ஜார்ஜ் டவுன், பினாங்கு

மதிப்பிற்குரிய ஷாகுல் அமீது அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் கோமதிநாயகம். தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் பருத்திக் கைலியும் துண்டும் நெய்து, கொஞ்சம் உள்ளூருக்கும் கொஞ்சம் வெளிநாட்டுக்கும் அனுப்பி வருகிறோம். உங்களுக்கு என்னைத் தெரியாது. லிட்டில் இந்தியாவில் இருக்கும் உங்கள் துணிக்கடையின் முகநூல் பக்கத்தில்தான் இந்த மின்னஞ்சல் முகவரியை எடுத்தேன். அந்தப் பக்கத்தில் நீங்களே தமிழில் எழுதுவதால் நானும் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் கணக்கர் அல்லது கிளியரிங் ஏஜெண்ட் பார்க்க வேண்டுமென்றால், இணைப்பில் விலைப்பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கிறது.

கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து ஆட்கள் பினாங்கில் தலைமுறை தலைமுறையாக இருப்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர்களில் பலர் நெசவுக் குடும்பங்களிலிருந்து கப்பலேறியவர்கள். உங்கள் கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் கைலியை எடுத்து விரல் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனால், அவர் எங்கள் பக்கத்துக்காரராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த மாதிரி வாடிக்கையாளரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மலிவுச் சரக்கு உங்களுக்கு எங்கிருந்தும் வரும். அதில் நான் போட்டி போட முடியாது, போடவும் விருப்பமில்லை.

முதலில் கைலி. இரண்டு தரம் வைத்திருக்கிறோம், இரண்டையும் கலந்து விற்பதில்லை. ஒன்று விசைத்தறி: பாவும் ஊடையும் 60ஆம் நம்பர் பருத்தி நூல். மற்றது கைத்தறி: சிட்டா நூல் வாங்கி, சாயம் தோய்த்து, பாவுக்குக் கஞ்சி போட்டு, வீட்டுத் தறியில் நெய்வது. ஒரு நெசவாளர் நாளுக்கு இரண்டு அல்லது மூன்று கைலிதான் இறக்குவார். அதனால் விலை இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. இந்திய அரசின் கைத்தறி முத்திரை ஒட்டியிருப்பது கைத்தறிக் கைலியில் மட்டும்தான். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர் என்பது உங்களுக்கும் தெரியும். ஆகவே நான் அனுப்பும் ஒவ்வொரு கட்டின் மேலும் எந்தத் தறி என்று எழுதியிருக்கும், இன்வாய்ஸிலும் தனித்தனி வரியாக வரும்.

கைத்தறிக் கைலியைக் கையில் எடுத்தால் முதலில் கரையைப் பாருங்கள். நாடா திரும்பும் இடத்தில் அங்கங்கே மயிரிழை அளவு ஏற்ற இறக்கம் தெரியும். விசைத்தறியில் கரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கும். அப்புறம் கட்டம். எங்கள் கட்டங்கள் உங்கள் ஊரில் பெலிக்காட் என்று மலாய்க்காரர்கள் வாங்குகிற கட்டத்தைவிடக் கொஞ்சம் சிறியவை. நிறமும் அடக்கமானது: மெரூன், பாட்டில் பச்சை, கருநீலம், காப்பிப் பொடி நிறம். பெரிய கட்டம் வேண்டுமென்றால் ஒரு கைலியைப் படமெடுத்து அனுப்புங்கள், பாவு ஓட்டும்போதே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பாவு ஓட்டினால் அது முழுவதும் அதே கட்டம்தான். எனவே கைத்தறியில் ஒரு டிசைனுக்குக் குறைந்தது 25 கைலி எடுக்க வேண்டியிருக்கும்.

அளவு: அகலம் 50 அங்குலம், நீளம் 2.10 மீட்டர். இரண்டு மீட்டர் என்று எழுதிவிட்டுப் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக நெய்வதற்குக் காரணம், பருத்தி இரண்டு மூன்று துவைப்பில் சுருங்கும். இடுப்பு பெருத்தவர்களுக்கு அந்தப் பத்து சென்டிமீட்டர் என்ன என்பது தெரியும்! உங்களுக்கு மூட்டிய கைலியாகவே அனுப்புகிறோம், தையல் கூலி விலைக்குள் அடக்கம். மூட்டாமல் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள்.

சாயம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்குத் திரும்பி வரும் சரக்கு பெரும்பாலும் சாயத்தால்தான் வரும். எங்களுடையது ரியாக்டிவ் சாயம். வெளிர் நிறங்களில் பிரச்சினை இல்லை. மெரூனும் கருநீலமும் முதல் அலசலில் கொஞ்சம் விடும், இரண்டாவதில் தண்ணீர் தெளியும். அதைத் துணியோடு வரும் சீட்டில் தமிழிலும் மலாயிலும் அச்சிட்டு வைக்கலாம். மலாய் வாசகத்தை மட்டும் நீங்கள் பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும்.

அடுத்து ஈரிழைத் துண்டு. இரண்டு இழையைச் சேர்த்து நெய்வது, 30க்கு 60 அங்குலம், வெள்ளையில் நிறக்கரை. டெர்ரி டவலை எடுத்துப் பழகியவர்களுக்கு முதலில் இது மெலிதாகத் தோன்றும். புதுசில் கஞ்சி இருப்பதால் தண்ணீரையும் சரியாக உறிஞ்சாது, மூன்று துவைப்புக்குப் பிறகுதான் அதன் குணம் தெரியும். ஈரப்பதம் அதிகமான ஊரில் டெர்ரி டவல் மாலை வரை காயாமல் வாடை அடிக்கும், இது மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். பினாங்கில் கைலியைவிட இது சீக்கிரம் விற்கும் என்பது என் கணிப்பு. கடைக்காரர் நீங்கள்தான், நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம்.

சேலையும் சங்கரன்கோவிலில் ஓடுகிறது, எங்களாலும் சேர்த்துக் கொடுக்க முடியும். ஆனால் முதல் சரக்கில் வேண்டாம் என்றே சொல்வேன். சேலை கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டியது. போட்டோ பார்த்து வாங்கினால் உங்களுக்கும் மனக்குறை, எனக்கும் மனக்குறை.

விலை, தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலேற்றும் வரை (எஃப்.ஓ.பி.), அமெரிக்க டாலரில்: விசைத்தறிக் கைலி 2.30, கைத்தறிக் கைலி 5.00, ஈரிழைத் துண்டு 1.30. முதல் ஆர்டராக நான் மனதில் வைத்திருப்பது விசைத்தறிக் கைலி 400, கைத்தறிக் கைலி 100, துண்டு 600. மொத்தம் 2,200 டாலர். எடை சுமார் 210 கிலோ, அழுத்திக் கட்டினால் ஒரு கன மீட்டருக்குள் அடங்கும். இந்த அளவுக்குக் காரணம் இருக்கிறது. முழு கன்டெய்னர் இல்லாமல் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது கப்பல் ஏஜெண்டுகள் பொதுவாக ஒரு கன மீட்டருக்காவது கட்டணம் வாங்கிவிடுவார்கள். அதில் பாதி அளவு அனுப்பினாலும் அதே காசு. எனவே ஒரு கன மீட்டரை நிரப்பினால்தான் உங்களுக்குக் கட்டுபடியாகும்.

பணம்: 30 சதவீதம், அதாவது 660 டாலர் முன்பணம். மீதி 1,540 டாலர், சரக்கு கப்பலேறியதும் பில் ஆஃப் லேடிங் நகலைப் பார்த்துவிட்டு அனுப்பினால் போதும், அசல் ஆவணங்களைக் கூரியர் செய்துவிடுகிறேன். முன்பின் தெரியாத ஆளுக்கு முன்பணம் அனுப்பத் தயக்கம் இருந்தால் அது நியாயம்தான். அப்படியானால் ஆவணங்களை வங்கி வழியாக அனுப்புகிறேன், உங்கள் வங்கியில் பணம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். எல்.சி. திறக்கச் சொல்ல மாட்டேன். இந்தத் தொகைக்கு வங்கிச் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.

எங்களிடம் ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீடும் ஜி.எஸ்.டி. பதிவும் இருக்கின்றன. ஆசியான்–இந்தியா வர்த்தக ஒப்பந்தத்துக்கான மூலச் சான்றிதழும், அதாவது பாரம் ஏ.ஐ., எடுத்துத் தருகிறேன். அந்த ஒப்பந்தம் மலேசியாவுக்கு 2010 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. இந்தச் சரக்குக்கு அதனால் எவ்வளவு வரி குறையும் என்பதை உங்கள் ஏஜெண்டிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அதைத் தெரிந்துகொண்டு விற்பனை விலை போடுவதுதான் நல்லது.

காலம்: ஆர்டர் உறுதியானதிலிருந்து சரக்கு கிளம்ப 35 நாள். கப்பலில் மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கொழும்பில் மாறிப் போகும் வாய்ப்பு இருக்கிறது. எங்கள் ஊரில் ஆடித்தபசுத் திருவிழா நாட்களில் தறி ஓடாது, ஓட்டச் சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஐப்பசி அடைமழையில் சாயம் போட்ட நூல் காயாது. இதையெல்லாம் கழித்துத்தான் நான் தேதி சொல்வேன். தீபாவளிக்குக் கடையில் சரக்கு இருக்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் முடிவாகிவிட வேண்டும்.

இப்போது உங்களிடம் ஆர்டர் கேட்கவில்லை. ஒரு சின்னப் பார்சல் அனுப்ப அனுமதி கேட்கிறேன். இரண்டு தரத்திலும் ஒவ்வொரு கைலி, இரண்டு துண்டு. அதோடு பத்து முறை துவைத்த கைலி ஒன்றும், பத்து முறை துவைத்த துண்டு ஒன்றும் சேர்த்து வைக்கிறேன். புதுத் துணி யார் கையிலும் நன்றாகத்தான் இருக்கும், துவைத்ததைப் பார்த்து முடிவு செய்யுங்கள். துணிக்கும் கூரியருக்கும் நீங்கள் எதுவும் தர வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

பார்சல் எந்த முகவரிக்கு வர வேண்டும், பெற்றுக்கொள்பவர் பெயர் என்ன என்று இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள். பேசியே தீர்க்கலாம் என்றால் உங்கள் எண்ணையும் வசதியான நேரத்தையும் குறிப்பிடுங்கள், நானே அழைக்கிறேன். உங்களுக்கும் எங்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், உங்கள் ஊரில் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் என்றால் எனக்குச் சௌகரியம்.

இணைப்பு: ஆங்கில விலைப்பட்டியல், எட்டு கட்ட டிசைன்களின் படங்கள், துண்டின் கரைப் படங்கள்.

இப்படிக்கு,
கோமதிநாயகம்
கைலி, துண்டு உற்பத்தி மற்றும் ஏற்றுமதி
சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்

பி.கு.: படங்களை வெயிலில் எடுத்திருக்கிறோம், மெரூன் கொஞ்சம் சிவப்பாகத் தெரிகிறது. உண்மையான நிறம் அதைவிட ஒரு படி இருண்டது.